அம்பலும் அலரும் அலைபேசியில்

சங்க அகப்பாடல்களில் ஊராரின் பேச்சுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கப்படுவது அம்பல். ஊரறிய விரிந்துவிட்டது அலர். மொட்டுக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடு என்று உரைகள் இதை விளக்குகின்றன. மொட்டாக இருக்கும் வரை அது கருகி உதிர்ந்துவிடவும் கூடும். விரிந்தபின் மீண்டும் கூம்பாது. குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனெனில், அந்தக் குழுக்களில் அம்பல் என்ற நிலையே கிடையாது. எழுதிய கணத்தில் எல்லாமே அலர்தான்.

இந்தக் குழுக்களில் சண்டை வராமலிருக்க வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் நாம் எல்லோரும் அறிந்தவை. அரசியல் கூடாது, மதம் கூடாது, காலை வணக்கப் படங்கள் கூடாது, நல்லதை மட்டும் பேசுவோம். இத்தகைய பத்து விதிகளைக் குழுவின் முகப்பில் ஒட்டி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இவற்றால் பயனில்லை என்பது என் கருத்து. குடும்பங்கள் உடைவது அரசியலால் அல்ல. அம்மாவுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பதைப் பற்றிய ஒரு வரியால். அந்த வரியை எழுதியவர் பெரும்பாலும் அன்பினால்தான் எழுதியிருப்பார். ஆகவே, எதைப் பேசலாம் என்று விதி வகுப்பதைவிட, எதை யார் முன்னால் பேசலாம் என்று தீர்மானிப்பதே முதல் வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை, அடையாளங்களை மாற்றி, சற்று விரிவாகச் சொல்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாயாருக்கு வயது 82. மூத்த மகள் நியூ ஜெர்சியில், மூத்த மகன் சென்னையில், இளைய மகள் பாளையங்கோட்டையிலேயே, இளைய மகன் கோயம்புத்தூரில். தாயார் இருப்பது இளைய மகன் வீட்டில். மூத்த மகனின் அறுபதாம் கல்யாணத்துக்காக, யார் எந்த ரயிலில் வருகிறார்கள், யாருக்கு எந்த அறை என்று ஒழுங்கு செய்யக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். மொத்தம் 38 பேர். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், தாயாரின் தம்பி குடும்பம், சம்பந்திகள். கல்யாணம் முடிந்தது, குழு கலையவில்லை. குடும்பக் குழுக்களில் பல இப்படி ஒரு விசேஷத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்காமல் விட்டவைதான். பந்தலுக்குள் இன்னும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிறு காலை எட்டு மணி சுமாருக்கு, இளைய மகன் தாயார் திண்ணையில் அமர்ந்திருக்கும் படம் ஒன்றைப் போட்டார். நியூ ஜெர்சியில் அப்போது சனி இரவு பத்தரை. படுக்கப் போகுமுன் அதைப் பார்த்த மூத்த மகள் எழுதினார்: "அம்மா ரொம்ப மெலிஞ்சிட்டாளே, சாப்பாடெல்லாம் சரியா போகுதா?" எழுதிவிட்டு உறங்கிவிட்டார்.

தொலைபேசியில் கேட்டிருந்தால் இது கவலை. 38 பேர் முன்னால் கேட்கப்பட்டபோது இது குற்றச்சாட்டாகிவிட்டது. சொற்கள் மாறவில்லை; கேட்கும் கூட்டம் மாறியதும் பொருள் மாறிவிட்டது. தாயாருக்குச் சமைத்துப் போடுபவர் இளைய மகனின் மனைவி. அவர் அந்த நேரத்தில் அடுப்படியில் இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அவர் அலைபேசியை எடுத்தபோது, கேள்விக்குக் கீழே கண்ணீர் விடும் முகம் ஒன்றும், கைகூப்பல் இரண்டும், தாயாரின் தம்பி மனைவி எழுதிய ஒரு வாசகமும் இருந்தன: "வயசானா அப்படித்தான். ஆனா பாத்துக்கிடுதவங்க பாத்துக்கிடணும்." அதை யார் யார் படித்துவிட்டார்கள் என்ற பட்டியலையும் வாட்ஸப் எழுதியவருக்குக் காட்டும். படித்ததைக் காட்டும் நீலக் குறியைத் தனி உரையாடல்களில் நிறுத்தி வைத்திருப்பவர்கள்கூடக் குழுக்களில் அதிலிருந்து தப்ப முடியாது. அத்தனை பேர் படித்தும், "அவள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள்" என்று ஒருவரும் எழுதவில்லை. அந்த மௌனத்தை அவர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். அவருடைய தகப்பனாரும், சம்பந்தி என்ற முறையில், அதே குழுவில் இருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் தன் மகளைக் கூப்பிட்டு, "உன்னை ஏன் இப்படிப் பேசுகிறார்கள்?" என்று கேட்டார்.

மாலையில் இளைய மகன் பதில் எழுதினார்: "இங்க வந்து பத்து நாள் இருந்து பாத்துட்டுச் சொல்லுங்க." இரவில் வேறொருவர், நாலு பிள்ளைகளை ஒரு தாய் வளர்த்தாள், அந்த நாலு பேரால் ஒரு தாயைக் காப்பாற்ற முடியவில்லை என்ற பொருளில் ஒரு கதையை அனுப்பினார். யாரையும் குறிப்பிடவில்லை. நம் வீடுகளில் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். முன்பெல்லாம் பூனையைத் திட்டுவதுபோல மருமகளைத் திட்டுவார்கள். இப்போது பூனையின் இடத்தில் அனுப்பப்பட்ட கதை வந்திருக்கிறது. 2018 முதல் இத்தகைய செய்திகளின் தலையில் இது வேறெங்கிருந்தோ அனுப்பப்பட்டது என்ற முத்திரை விழுகிறது. பொய்ச் செய்தியைத் தடுக்க வந்த அந்த முத்திரை சாடை பேசுபவருக்கு நல்ல கேடயமாகிவிட்டது. "நான் எழுதியதில்லையே, வந்ததை அனுப்பினேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் இரண்டு செய்திகள் அழிக்கப்பட்டிருந்தன. எழுதியதை எல்லோர் திரையிலிருந்தும் இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் வரை நீக்கிக்கொள்ள இப்போது வாட்ஸப் அனுமதிக்கிறது. ஆனால், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்ற தழும்பு அங்கேயே நிற்கும். படித்தவர்களுக்கு அது தெரிந்த சொல். படிக்காதவர்களுக்கு அவர்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான சொல். அன்று மாலைக்குள் இரண்டு உட்குழுக்கள் முளைத்தன. மூத்த மகள் இல்லாத ஒன்று, இளைய மகன் இல்லாத ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரைப்பிடிப்புகள் போய்வந்தன. மூன்றாம் நாள் இளைய மகன் பெருங்குழுவிலிருந்து விலகினார். 2022 முதல் விலகுவது ஊரறிய அறிவிக்கப்படுவதில்லை, அட்மின்களுக்கு மட்டுமே தெரிவிக்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அறுபது நாட்களுக்குள் விலகியவர்கள் யார் என்ற பட்டியலை எவரும் திறந்து பார்க்கலாம். உறவினர்கள் பார்த்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது சண்டை அல்ல. மூத்த மகளின் கேள்விக்கு ஒன்பது நாட்கள் பதில் கிடைக்கவில்லை என்பதுதான். தாயார் உண்மையிலேயே மெலிந்திருந்தார். ஒன்பதாம் நாள் பாளையங்கோட்டை மகள் கிளம்பிப் போய்ப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. பல்செட் தளர்ந்து ஈறில் உரசிப் புண்ணாகியிருக்கிறது. சொன்னால் மருமகளுக்கு இன்னொரு வேலை என்று எண்ணித் தாயார் சொல்லவில்லை. குழைந்த சோற்றையும் மோரையும் மட்டும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பல் மருத்துவர் ஒருவரிடம் இரண்டு முறை போய்வந்ததில் சரியானது. கேட்கப்பட்ட கேள்வி சரியான கேள்வி. அது கேட்கப்பட்ட இடம், பதில் வரும் வழியை அடைத்துவிட்டது.

நம் உறவுமுறையில், இன்னாரிடம் இன்னார் கேட்கலாம் என்ற ஒரு ஒழுங்கு இருந்தது. மருமகளிடம் நாத்தனார் நேரடியாகக் கேட்க மாட்டார். தம்பியிடம் கேட்பார், அல்லது தாய்மாமனிடம் சொல்வார். சம்பந்தி வீட்டார் காதுக்குப் போகக்கூடாதவை போகாது. சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போவதற்குள் இரண்டு மூன்று இடங்களில் நின்று, சூடு ஆறி, சில நேரம் அங்கேயே தங்கிவிடும். பெருங்குழு இந்த நிறுத்தங்களை எடுத்துவிட்டது. தாய்மாமன், சம்பந்தி, மருமகள், கல்லூரியில் படிக்கும் பேரன் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கேட்கிறார்கள்.

அப்படியானால் பழைய முறைக்கே திரும்பிவிடலாமா? கூடாது என்பேன். அந்த ஒழுங்கின் இன்னொரு பெயர் மருமகளின் வாயை மூடி வைத்தது. சொல் பல இடங்களில் நின்று வந்ததால் காப்பாற்றப்பட்டவர்கள் உண்டு. அதே காரணத்தால் வருடக்கணக்கில் கேட்கப்படாமல் போனவர்களும் உண்டு. பல பெண்களுக்குப் புகுந்த வீட்டில் தம் பெயரில், இடைத்தரகர் இல்லாமல், பேசக் கிடைத்த முதல் இடமே இந்தக் குழுதான். எனவே, "பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள், நீங்கள் பூப்படம் போடுங்கள்" என்று சொல்லிக் கிடைக்கும் அமைதி நமக்கு வேண்டாம். வேண்டுவது சிறிய அறைகள். அந்த அறையில் வேலை செய்பவருக்கு முதல் சொல் இருக்க வேண்டும்.

அந்தக் குடும்பம் பிற்பாடு செய்ததும் ஏறத்தாழ இதுவே. 38 பேர் குழுவை அவர்கள் கலைக்கவில்லை. அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். 2018 முதல் வாட்ஸப்பில் இருக்கும் வசதி இது. பிறப்பு, இறப்பு, கல்யாணத் தேதி, மாறிய முகவரி ஆகியவை மட்டும் அங்கே வரும். மாதத்துக்கு மூன்று நான்கு செய்திகள். சம்பந்திகளை நீக்கி அவமதிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. பேசவும் படம் போடவும் தாயார், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் மட்டும் கொண்ட இன்னொரு குழு. அதற்கு ஒரே ஒரு விதி: இன்னொருவர் செய்கிற வேலையைப் பற்றிய கேள்வியை அங்கே கேட்கக்கூடாது. "அம்மா அழகாக இருக்கிறாள்" என்று எழுதலாம்; "அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சா?" என்று எழுதக்கூடாது. இந்தக் கோடு தெளிவானது. அரசியல் எது, நல்லது எது என்று வாதிடலாம். ஒரு வாக்கியம் வேறொருவரின் வேலையைச் சோதிக்கிறதா என்பதில் அவ்வளவு வாதம் எழாது.

மூன்றாவது அறையே முக்கியமானது. நான்கு பிள்ளைகளும் கோயம்புத்தூர் மருமகளும் மட்டும், ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் அங்கே நான்கைந்து வரிகள் எழுதுகிறார். தாயாரின் எடை, மாத்திரையில் மாற்றம் உண்டா, அந்த வாரச் செலவு, அடுத்து மருத்துவரிடம் போகும் நாள், தனக்கு என்ன உதவி வேண்டும். கடைசி வரிதான் மற்ற நான்குக்கும் உயிர். அது இல்லாவிட்டால் ஞாயிறு அறிக்கை, மேலாளருக்கு ஊழியர் சமர்ப்பிக்கும் கணக்காகிவிடும். அது இருப்பதால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் மற்ற நால்வரும் ஆகிறார்கள். "அடுத்த மாதம் எனக்குப் பத்து நாள் ஓய்வு வேண்டும், யார் வருகிறீர்கள்?" என்று அவர் எழுதிய வாரத்தில் சென்னை அண்ணன் கிளம்பிப் போனார். பத்தாம் நாள் திரும்பியவர் அதன்பின் யாருடைய சாப்பாட்டைப் பற்றியும் கேள்வி கேட்கவில்லை என்று சொல்கிறார்கள்.

தாயாரை விலக்கிவிட்டு அவரைப் பற்றிப் பேசும் ஐந்து பேர் குழு மட்டும் புறம் பேசுவதில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கி, அதை ஒட்டியே பயனில சொல்லாமையையும் வைத்திருக்கிறார். இரண்டும் அண்டை வீடுகள்தான். ஆனால், ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவதெல்லாம் புறங்கூறல் ஆகாது. அதை அவரிடம் திரும்பிப் போய்ச் சொல்ல முடியுமா என்பதே அளவுகோல். எடையும் மாத்திரையும் அவரிடம் சொல்லக்கூடியவை. "அம்மாவுக்கு எப்போதும் பெரியவன்தான் உசத்தி" என்பது சொல்ல முடியாதது. அந்தத் தாயாரிடம் இப்படி ஒரு குழு இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டார்கள். "எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க" என்றாராம். இப்போது ஞாயிறு வரிகளை மருமகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். பல்செட் போன்ற ரகசியங்களுக்கு இனி இடமில்லை.

இவ்வளவு செய்தபின்னும் தீப்பொறி விழத்தான் செய்யும். அப்போது மட்டுறுத்துனர் என்ன செய்ய வேண்டும்? நான் பார்த்தவரை, பெரும்பாலோர் செய்யும் பிழை குழுவிலேயே நீதி சொல்வது. "எல்லோரும் அமைதியாக இருங்கள்" என்ற பொது அறிவுரை, அடித்தவரையும் அடிவாங்கியவரையும் ஒரே பெஞ்சில் நிறுத்துகிறது. இன்னொரு பிழை, அட்மின் என்ற அதிகாரத்தில் செய்தியை நீக்குவது. நீக்கியவர் இன்னார் என்று திரை காட்டும். அந்த நிமிடத்திலிருந்து அவரும் ஒரு கட்சி. எழுதியவரை அழைத்துப் பேசி, அவரே திருத்தி எழுதும்படி செய்வதுதான் உருப்படியான வழி. அதற்கு வரிசை முக்கியம். முதலில் புண்பட்டவரைக் கூப்பிட வேண்டும், எழுதியவரை அல்ல. புண்பட்டவருக்கு நியாயத்தைவிட முதலில் தேவைப்படுவது, தான் தனியாக இல்லை என்ற செய்தி. அதன்பின் எழுதியவர். அவர் பெரும்பாலும் தன் சொல் அப்படிப் போய்ச் சேர்ந்ததை அறியாமலே இருப்பார். கடைசியாக அவர் குழுவில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: "நான் கவலையில் கேட்டேன், அவளிடம் பேசிவிட்டேன், எல்லாம் சரி." பார்த்தவர்கள் 38 பேர் என்றால் தீர்ந்ததையும் அந்த 38 பேரும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடந்தால் நல்லது. முடியவில்லை என்றால் காலை வரை குழுவைப் பூட்டி வைக்கலாம். இரவில் எழுதப்படும் பதில்கள் ஒரு கண்டத்தில் தூக்கத்தோடும் இன்னொரு கண்டத்தில் விழிப்போடும் வாசிக்கப்படுகின்றன.

மட்டுறுத்துனர் ஒருவராக இல்லாமல் இருவராக இருப்பது நலம். மகள் வழியில் ஒருவர், மருமகள் வழியில் ஒருவர். அல்லது ஒரு தலைமுறைக்கு ஒருவர். எல்லோரிலும் மூத்தவரை மட்டும் அமர்த்தினால் அவர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவார். வசதிகள் தெரிந்த இளைஞரை மட்டும் அமர்த்தினால் அவர் சொல்லை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அடியோடு ஒழித்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. ஒழிக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அலரால் காமம் மிகும் என்று தொல்காப்பியமே அதற்கு ஒரு பயனைச் சொல்லியிருக்கிறது. அகப்பாடல்களில் அலர் அஞ்சியே திருமணப் பேச்சு விரைவுபடும். குடும்பத்திலும், இன்னாருக்கு வேலை போயிருக்கிறது, இன்னார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்ற செய்திகள் வம்பாகத்தான் வந்து சேர்கின்றன. அதைக் கேட்டு ஓடிவந்து உதவியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு வாயில் பிறந்து காற்றில் கரைந்தது. எழுத்தில் அது சாட்சியமாகிவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எரிச்சலில் எழுதிய ஒரு வரி, எழுதிய நேரத்தோடு, இன்று திரைப்பிடிப்பாக எதிரே வந்து நிற்கிறது. ஆகவே, வம்பு பேசியே தீரவேண்டும் என்பவர்கள் தொலைபேசியில் பேசுங்கள். திரைப்பிடிப்பு கொண்டுவருபவரிடம், "இதை எனக்குக் காட்டுவது அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை அவர் கொண்டுவர மாட்டார்.

இந்த ஏற்பாடுகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சொத்துப் பிரிவினை நடக்கும் குடும்பத்தில் எந்தக் குழுவிதியும் நிற்காது. அங்கே ஒவ்வொரு வரியும் பின்னால் வக்கீலிடம் காட்டுவதற்காகவே எழுதப்படுகிறது. அதை நேரில், பத்திரங்களை வைத்துக்கொண்டு, பொதுவான ஒருவர் முன் பேசுவதே வழி. இன்னொன்று, ஒரு பெண் தனக்கு நேரும் கொடுமையைக் குழுவில் எழுதினால் அதற்குச் சண்டை என்று பெயரிட்டுப் பூட்டுப் போடக்கூடாது. எல்லாக் கதவுகளும் மூடியபின்தான் ஒருவர் 38 பேர் நடுவில் வந்து நின்று பேசுகிறார்.

ஒரு குழு சீர்கெடத் தொடங்கிவிட்டதை எப்படி அறிவது? சத்தத்தை வைத்து அல்ல. நீக்கப்பட்ட செய்திகளின் தழும்புகள் கூடும். யாருக்கென்று தெரியாத நீதிக்கதைகள் வரும். எப்போதும் எழுதும் ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் வந்துபோவார். இவற்றில் மூன்றாவதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. அவரைக் குழுவில் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உரிய இடம் அதுதான்.